விருது ஏற்புரை: அப்பாவின் ஆறு பக்கத்தை என்ன செய்வது?

"அப்பாவுக்கு மாவட்டச் சிறுதொழில் சங்கத்தில் இந்த வருஷம் வாழ்நாள் சாதனையாளர் விருது தருகிறார்கள். பம்ப் செட் பட்டறை, 36 வருஷ உழைப்பு. ஏற்புரைக்கு 4 நிமிஷம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். வாசித்தால் 12 நிமிஷம் ஓடுகிறது, அதிலும் முழுக்க 'நான், நான்' என்றே இருக்கிறது. அவர் மனசு நோகாமல் இதை அடக்கமாகவும் உண்மையாகவும் எப்படி மாற்றுவது? வரைவை இணைத்திருக்கிறேன்."

ஆறு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். வேண்டிய பேச்சு அதற்குள்ளேயே இருக்கிறது, புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. இரண்டாம் பக்கத்தில் நாலு வரி, மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி, ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் அந்த மேடையில் வேறு யாரோ பேச வேண்டியவை. இந்த வரைவு நீண்டு போனதற்கும் பெருமையடிப்பது போல ஒலிப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: தன் முறை வருவதற்கு முன்னும் பின்னும் பேசப்போகிறவர்களின் வேலையையும் அப்பா தானே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

விழா நிரலை ஒருமுறை பாருங்கள். முதலில் வரவேற்புரை. பிறகு தலைமையுரை, வாழ்த்துரை. விருது கொடுப்பதற்குச் சற்று முன்பு விருதாளர் அறிமுகம் அல்லது பாராட்டு மடல் வாசிப்பு. அதன் பிறகுதான் ஏற்புரை, கடைசியில் நன்றியுரை. அப்பாவின் முதல் பக்கம் முழுக்க மேடையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி, பட்டம் சொல்லி விளிக்கிறது. அதை வரவேற்புரைக்காரர் செய்து முடித்து அரைமணி ஆகியிருக்கும். நாலாம் பக்கம் ஆண்டு வாரியாக விற்பனை, கிளைகள், முன்பு வாங்கிய விருதுகள். அதெல்லாம் பாராட்டு மடலில் வரும். கடைசிப் பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரர் வரைக்கும் நன்றி, அது நன்றியுரைக்காரரின் வேலை. சங்கச் செயலாளரைக் கேட்டால் பாராட்டு மடலின் வாசகத்தை முன்கூட்டியே தருவார்கள். பெரும்பாலும் அச்சுக்குப் போவதற்கு முன் சரிபார்க்கக் கொடுப்பதும் வழக்கம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் வந்த ஒவ்வொரு செய்தியையும் அப்பாவின் வரைவில் பென்சிலால் அடியுங்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சேர்ந்து போனால் ஆறு பக்கம் மூன்றாகிவிடும். "பெருமை" என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவும் வேண்டியிருக்காது, ஏனென்றால் நீங்கள் சொல்வது "இதை அவர்களே வாசிக்கிறார்களாம் அப்பா" என்பதுதான்.

நேரக் கணக்கு அடுத்தது. மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுகிறவர் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரை பேசுவார். நம் சொற்கள் நீளமானவை, வேகமாகப் போனால் கடைசி வரிசைக்குப் புரியாது. இது பொதுவான கணக்குதான். அப்பாவின் வேகம் என்ன என்பதை ஒரு பக்கத்தை அவர் குரலில் கைபேசியில் பதிவு செய்து அளந்துகொள்ளுங்கள். நாலு நிமிடம் என்றால் மைக்கைச் சரிசெய்வது, கைதட்டல், தொண்டை அடைப்பது எல்லாம் போக மூன்று நிமிடம்தான் பேச்சு. ஆக 250 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. நாலு நிமிடம் என்பது எல்லைதான், நிரப்பியே தீர வேண்டிய அளவு இல்லை. இரண்டரை நிமிடத்தில் முடித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி நீங்கள் கேட்ட "நான், நான்" விஷயம். தன்னைப் புகழ்ந்துகொள்வதைப் பற்றி நன்னூல் பாயிரத்தில் ஒரு நூற்பா இருக்கிறது: எத்தனை துறையில் கரை கண்டவனாக இருந்தாலும் "தான்தற் புகழ்தல் தகுதி யன்றே." பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த நூற்பாதான் நமக்கு வேண்டியது. நாலு இடத்தில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்கிறார் பவணந்தி முனிவர். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இன்றைய பேச்சில் சொன்னால் விண்ணப்பம், அறிமுகம் இல்லாத இடம், போட்டி, பழிச்சொல். விருது மேடை இந்த நாலில் எதுவுமில்லை. அங்கே போட்டி முடிந்துவிட்டது, பழித்தவர் யாருமில்லை, ஆற்றலை அப்போதுதான் மடலில் வாசித்து முடித்திருக்கிறார்கள். அதே வாக்கியங்கள் வங்கிக் கடன் விண்ணப்பத்தில் இருந்தால் குறையே இல்லை. அப்பா எழுதியது தப்பான பேச்சு அல்ல, வேறொரு மேடைக்கான பேச்சு. இதை இப்படிச் சொன்னால் அவருக்கும் ஏற்பது எளிது.

"நான்" என்ற சொல்லை மட்டும் தேடி அடித்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தமிழில் "நான்" இல்லாமலேயே நான் இருக்கும். "தொடங்கினேன், துணிந்தேன், உருவாக்கினேன், நிமிர்ந்தேன்" என்று வினைமுற்றின் வாலில் உட்கார்ந்திருக்கும். அந்த "ஏன்" விகுதியை வட்டமிட்டு எண்ணிப் பாருங்கள். அப்பாவின் இரண்டாம் பக்கத்தில் மட்டும் 27 இருக்கிறது. அதைக் குறைக்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு குழியில் விழுவார்கள். ஒன்று, எல்லா இடத்திலும் "நாங்கள்" போடுவது. "நாங்கள் துணிந்தோம்" என்பது கூட்டமாகப் பெருமையடிப்பதுதான், சில நேரம் அரசர் பேசுவது போலவும் ஆகிவிடும். இன்னொன்று செயப்பாட்டு வினை. "புதிய மோட்டார் உருவாக்கப்பட்டது" என்று எழுதினால் தன்னடக்கம் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் உருவாக்கிய ஆளும் அதோடு காணாமல் போய்விடுகிறார். செய்தவர் பெயரை எழுவாயாக வைப்பதுதான் சரியான வழி. அந்த வேலையை உண்மையில் யார் செய்தது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுப் பாருங்கள். அப்பாதான் என்றால் அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.

வரைவிலிருந்தே காட்டுகிறேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "1988-ஆம் ஆண்டு யாருடைய உதவியும் இல்லாமல், தனி ஒருவனாக, கையில் ஒன்றுமில்லாமல் இந்தத் தொழிலில் குதித்தேன். எத்தனையோ பேர் ஏளனம் செய்தார்கள். அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், நான் எங்கே நிற்கிறேன் என்பதை இந்த அவை அறியும்." அதே பக்கத்தின் அடியில், போகிற போக்கில், "என் மனைவியின் எட்டுப் பவுனை அடகு வைத்து முதல் லேத் வாங்கினேன், ஐந்து ஆண்டில் மீட்டேன்" என்று வருகிறது. யாருடைய உதவியும் இல்லை என்ற வரிக்கும் எட்டுப் பவுனுக்கும் நடுவில் பத்து வரி கூட இல்லை! அப்பா பொய் சொல்லவில்லை. வீட்டு நகை அவர் கணக்கில் உதவியாகவே வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அரங்கத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கணக்கைப் போடுவார்கள். ஏளனம் செய்தவர்கள் பற்றிய வரியை ஒரு சொல் விடாமல் எடுத்துவிடுங்கள். சின்ன ஊர்த் தொழில் சங்கத்தில் அந்த "எத்தனையோ பேர்" மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த இடத்தில் நகையை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்: "முதல் லேத் வாங்கப் பணம் இல்லை. என் மனைவியின் எட்டுப் பவுன் அடகுக்குப் போனது. மீட்க ஐந்து வருஷம் ஆனது." விகுதி போய்விட்டது, செய்தி அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. அம்மாவிடம் முதலில் கேளுங்கள். நகை அடகு போனதை நாலு பேர் முன்னால் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. அவர் வேண்டாம் என்றால் "என் மனைவியின் சேமிப்பில்தான் முதல் லேத் வந்தது" என்பது போதும்.

மூன்றாம் பக்கம்தான் இந்த வரைவின் உயிர், அப்பா அதை அரைகுறையாகத் தாண்டிப் போயிருக்கிறார். "குறைந்த வோல்டேஜிலும் எரியாத மோட்டாரை இந்த மாவட்டத்திலேயே முதன்முதலில் உருவாக்கியவன் நான். 1996-ல் ஒரே மாதத்தில் பதினோரு மோட்டார் காயில் எரிந்து திரும்பி வந்தபோது, வோல்டேஜுக்கு நாம் பொறுப்பல்ல என்று உறுதியாக நின்றேன். ஒரு தொழிலாளி கம்பியை மாற்றிப் பார்க்கலாம் என்றார். அதை ஆராய்ந்து வெற்றி கண்டேன்." முதலில் "மாவட்டத்திலேயே முதன்முதலில்" போக வேண்டும். பம்ப் தொழில்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் யார் எந்த வருஷம் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பக்கத்து ஆளிடம் திரும்பி "அப்படியா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டாவது, தொழில் செய்தி. வோல்டேஜ் இறங்கினால் அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும், காயில் சூடேறி எரியும். கம்பியின் கனத்தைக் கூட்டிச் சுற்றை மாற்றிக் கட்டினால் தாங்கும். இது அவையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம், விளக்க வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். அந்த "ஒரு தொழிலாளி" யார்? அப்பாவிடம் கேளுங்கள். பெயர் நிச்சயம் சொல்லுவார். பெயரோடு சொன்னால்தான் அது நன்றி. "என் தொழிலாளர்களுக்கும் நன்றி" என்பது பாராட்டு மடலின் அச்சுச் சொல் போலத்தான் கேட்கும். "உறுதியாக நின்றேன்" என்று அப்பா பெருமையாக எழுதியிருக்கும் வரியை அப்படியே திருப்பிப் போட்டால் அது தன் தவறை ஒத்துக்கொள்ளும் வரியாகிவிடுகிறது. நடந்தது அதுதானே. அவர் நின்றது தப்பான பக்கம்.

ஐந்தாம் பக்கத்தில் "இன்று 62 குடும்பங்கள் என்னால் சாப்பிடுகின்றன" என்று ஒரு வாக்கியம். எடிட் செய்கிற கை உடனே அதை அடிக்கப் போகும். அடிக்க வேண்டாம், திசையை மாற்றினால் போதும். 62 பேர் வேலைக்கு வராவிட்டால் அந்தப் பட்டறை ஒரு நாள் ஓடாது. எண்ணிக்கை அதே 62, யாரால் யார் வாழ்கிறார் என்பதுதான் மாறுகிறது.

இதையெல்லாம் செய்யும்போது எதிர்ப்பக்கத்துக்கும் சாய்ந்துவிடக்கூடாது. "நான் ஒன்றுமே இல்லை", "இந்த விருதுக்கு அடியேன் தகுதியற்றவன்" என்று எழுதுவது அடக்கம் போலத் தெரியும், ஆனால் தேர்ந்தெடுத்த குழுவுக்கு விவரம் போதவில்லை என்று சொல்வதாகும். கேட்கிறவர்களுக்கும் "இல்லை இல்லை, உங்களுக்குத் தகுதிதான்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் வருகிறது, அதுவும் ஒருவகையில் புகழ் கேட்டு வாங்குவதுதான். 1950-ல் நோபல் பரிசை ஏற்றுப் பேசிய அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் எடுத்த வழி நல்லது. பரிசு மனிதனாகிய தனக்கு அல்ல, தன் உழைப்புக்கு என்று தொடங்கினார். உழைப்பின் மதிப்பைக் குறைக்கவில்லை, ஆளை மட்டும் ஒரு அடி பின்னால் நிறுத்தினார். அப்பாவின் 36 வருஷத்தையும் அப்படியே நிறுத்தலாம்.

எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது. பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"தலைவர் அவர்களுக்கும், சிறப்பு விருந்தினர் அவர்களுக்கும், இந்தத் தொழிலில் என்னோடு இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே என்னைவிட மூத்த பட்டறைக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் இதை வாங்குவதுதான் எனக்குப் பெரிது. சங்கத்துக்கு நன்றி.

1988-ல் முதல் லேத் வாங்கப் பணம் இல்லை. என் மனைவியின் எட்டுப் பவுன் அடகுக்குப் போனது. அதை மீட்க ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996-ல் ஒரே மாதத்தில் பதினோரு மோட்டார் காயில் எரிந்து திரும்பி வந்தது. வோல்டேஜ் குறைவு, நம் மேல் தப்பில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களிடம் காயில் கட்டிய ______ அண்ணன்தான், கம்பியை மாற்றிக் கட்டிப் பார்க்கலாமே என்றார். தப்பு யார் மேல் என்று அவர் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்த்தார். அவர் காட்டிய வழியில்தான் இன்றைக்கும் எங்கள் பட்டறையில் காயில் கட்டுகிறார்கள்.

இந்தக் கேடயத்தில் என் பெயர் இருக்கிறது. இடம் போதாததால் விட்டுப்போன பெயர்கள் 62. திங்கட்கிழமை காலையில் இதைக் காயில் கட்டும் மேஜைக்கு எதிரே வைக்கப் போகிறோம். நன்றி, வணக்கம்."

நூற்றுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள்தான். சிரிப்பு, கைதட்டல், நடுவில் ஒரு நிறுத்தம் எல்லாம் சேர்ந்தாலும் இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. விகுதியை எண்ணிப் பாருங்கள். பேச்சு முழுக்க ஒரே ஒரு "ஏன்"தான் வருகிறது, அதுவும் அவர் தவறு செய்த இடத்தில். நன்றி சொல்ல இரண்டு பேரை மட்டும் எடுத்ததும் காரணத்தோடுதான். மூன்றாவது, நாலாவது பெயர் வந்தால் அது பட்டியலாகிவிடும், பட்டியலில் விடுபட்டவர் மனக்கசப்போடு வீட்டுக்குப் போவார். இரண்டு பேரைச் சொன்னால் அது இரண்டு கதை, விடுபட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். திங்கட்கிழமை மேஜைக்கு எதிரே வைப்பதாகச் சொன்னால் உண்மையிலேயே வைக்க வேண்டும். அப்படி எண்ணமில்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

மேலே சொன்னவற்றில் நேரம், பாராட்டு மடலில் வந்ததைத் திரும்பச் சொல்லாமை, பழைய பகையை மேடையேற்றாமை, பெயர் சொல்லி நன்றி ஆகியவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. வேறு சில விஷயங்கள் ஆளைப் பொறுத்தவை. குறள் ஒன்று சேர்க்கலாமா? வீட்டில் பேசும்போதே குறள் சொல்கிறவர் என்றால் சேர்க்கலாம், இல்லையென்றால் ஒட்டுப்போட்டது தெரியும். நகைச்சுவையும் அப்படியே. பார்த்து வாசிப்பதா, மனப்பாடமா என்பதிலும் ஒரே விதி கிடையாது. மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு வரி மறந்தால் பழைய ஆறு பக்கத்துக்கே போய்விடும் ஆபத்து உண்டு, அதனால் தாளைப் பார்த்து வாசிக்கும் பக்கம்தான் நான் சாய்வேன். என் வாக்கியங்கள் அப்பாவின் வாயில் எப்படி உட்காரும் என்பதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. மூன்று முறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே அவர் வழக்கமாகச் சொல்லும் சொல்லைப் போட்டுவிடுங்கள், அது இலக்கணத்துக்கு ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை.

ஆறு பக்கத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சங்கம் விழா மலர் போட்டால் விருதாளர் கட்டுரைக்கு அதில் இடம் தருவார்கள். விற்பனைக் கணக்கு, கிளைகள், பழைய விருதுகள் எல்லாம் அங்கே அழகாகப் பொருந்தும். படிக்கிறவர் தன் வசதிக்குப் படித்துக்கொள்வார். "பேச்சு மேடைக்கு, வரலாறு மலருக்கு" என்று பிரித்துக் கொடுத்தால், அப்பாவுக்குத் தான் எழுதியதை யாரோ வெட்டிவிட்டார்கள் என்ற எண்ணம் வராது. மலர் இல்லையென்றால் பட்டறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டலாம், அதற்கும் தகுதியான பக்கங்கள்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இதில்தான் பலர் தடுமாறுவார்கள். விருது வாங்கிய கையோடு மைக் முன்னால் நிற்கும்போது தோளில் பொன்னாடை, கழுத்தில் மாலை, ஒரு கையில் கேடயம், மறு கையில் பழக்கூடை இருக்கும். தாளை எடுக்கக் கை இருக்காது. மாலையையும் கேடயத்தையும் வாங்கிக்கொள்ள நீங்களோ தம்பியோ மேடைப் படிக்கட்டின் அருகில் நில்லுங்கள். பேச்சைக் கையெழுத்தில் வேண்டாம், பெரிய எழுத்தில் ஒரே பக்கமாக அச்செடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். மூக்குக் கண்ணாடியும் அதே சட்டைப் பையில் இருக்கட்டும்.